"பிரைமரி. தேங்க்ஸ்." இதை மட்டும் வைத்து டீச்சருக்கு என்ன எழுதுவது?

அச்சுமூலை | ஒக்டோபர் 5, இரவு 8.10

வணக்கம். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் சின்னதாக ஒரு கொமியூனிகேஷன் வைத்திருக்கிறேன். போட்டோகொப்பி, டைப்பிங், லமினேட்டிங், அவசரத்துக்குக் கார்ட் அடித்துக் கொடுப்பது. நாளை ஒக்டோபர் 6, ஆசிரியர் தினம். இன்று பின்னேரம் வட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி வந்தது. அப்படியே தருகிறேன்.

"டீச்சருக்கு ஒரு கார்ட் எழுதி அடிச்சுத் தாங்கோ. பிரைமரி. தேங்க்ஸ். காலமை 6.30க்கு வந்து எடுக்கிறன்."

இவ்வளவுதான். பிள்ளையின் பெயர் இல்லை, எந்தத் தரம் என்று இல்லை, அனுப்பியவர் அம்மாவா அப்பாவா என்றும் தெரியவில்லை. திருப்பி அழைத்தேன், போன் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். என் செய்திக்கு இன்னும் ஒற்றை டிக்தான் நிற்கிறது. பள்ளிக்கூடம் 7.30க்குத் தொடங்கிவிடும். அதனால் இரவே எழுதி வைத்தாக வேண்டும்.

நான் எழுதியது இது:

"என் பிஞ்சு விரல் பிடித்து அகரம் எழுதப் பழக்கிய அன்பு ஆசிரியையே! அழுத நாளெல்லாம் அம்மாவைப் போல அணைத்தீர்கள். உங்களால்தான் எங்கள் மகன் இன்று வகுப்பில் முதலிடத்தில் நிற்கிறான். மெழுகுவர்த்தியாய் உருகி ஒளி தந்த உங்களுக்குக் கோடி நன்றிகள்."

வாசித்துப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் மனம் ஒப்பவில்லை. ஏன் என்று சொல்லவும் தெரியவில்லை. கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

---

கொட்டாஞ்சேனைக்காரன் | 8.22

அண்ணா, இது நல்லாத்தானே இருக்கிறது? ஆசிரியர் தினக் கார்ட் என்றால் மெழுகுவர்த்தி, ஏணி, தோணி இந்த மூன்றில் ஒன்று இருக்க வேண்டும். டீச்சர்மாரும் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள். ஒன்றை மட்டும் மாற்றுங்கள். "கோடி நன்றிகள்" பிழை. நன்றிக்குப் பன்மை கிடையாது, "கோடி நன்றி" என்று போடுங்கள். மற்றபடி அடிக்கலாம்.

---

சோக்கட்டி | 8.41

தம்பி அச்சுமூலை, நான் 31 வருடம் ஆரம்பப் பிரிவில் படிப்பித்து ஓய்வு பெற்றவள். கொழும்பில் மட்டும் 19 வருடம். ஒரு பிஸ்கட் டின் நிறையக் கார்ட் வைத்திருக்கிறேன். அதனால் வாங்குகிற பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

உங்கள் முதல் வரியையே எடுத்துக்கொள்வோம். நான் அதிகமாக எடுத்தது தரம் 4. பிள்ளை என்னிடம் வரும்போது அ, ஆ மட்டுமில்லை, பந்தி வாசிக்கவும் தெரிந்துதான் வரும். "அகரம் எழுதப் பழக்கிய டீச்சரே" என்று கார்ட் வந்தால் எனக்கு உடனே தெரியும், இது கடையில் வாங்கின வரி என்று. அகரம் பழக்கியவர் கீழ் மாடியில் தரம் 1இல் இருக்கிறார், அவருக்குப் போக வேண்டிய நன்றி என் மேசைக்கு வந்திருக்கிறது. "பிரைமரி" என்று ஒரு சொல்லில் சொன்னாலும் அது தரம் 1 முதல் 5 வரை, ஐந்து வருடம். தரம் 1 பிள்ளைக்கு பென்சில் பிடிக்கவே கை வலிக்கும். தரம் 5 பிள்ளை புலமைப்பரிசில் வினாத்தாளோடு இருக்கும். இரண்டுக்கும் பொருந்துகிற ஒரு வரியைத்தான் நீங்கள் தேட வேண்டும்.

முதலிடம் என்ற வரியைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். வகுப்பில் நாற்பது பிள்ளை இருந்தால் முப்பத்தொன்பது பேருக்கு அது பொய். வகுப்பில் கடைசியாக நிற்கிற ஒரு பிள்ளை அந்தக் கார்ட்டைக் கையில் கொண்டுவந்து நீட்டினால், வாசிக்கிற டீச்சருக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு ஒருமுறை அப்படி வந்தது. பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மெழுகுவர்த்தியில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் ஒரே நாளில் முப்பது கார்ட் வரும், அதில் இருபதில் மெழுகுவர்த்தி இருக்கும். கொட்டாஞ்சேனைத் தம்பி சொல்வது போல நாங்கள் அதை எதிர்பார்ப்பது உண்மைதான். எதிர்பார்த்தது வந்தால் ஒருதரம் வாசித்துவிட்டு அடுக்கில் வைத்துவிடுவோம், அவ்வளவுதான்.

---

கடிதமுறை | 8.50

நன்றிக் கடிதத்துக்கு ஒரு முறை இருக்கிறது. இடது பக்கம் அனுப்புநர் முகவரி, திகதி, அடுத்து பெறுநர், பிறகு "மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி", பிறகு பொருள், கடைசியில் "இங்ஙனம்". அதிபர் ஊடாக அனுப்பினால் "ஊடாக" என்றும் போட வேண்டும். இந்த ஒழுங்கில் எழுதினால் விபரம் குறைவாக இருந்தாலும் கடிதம் கனமாக இருக்கும்.

---

அச்சுமூலை | 8.58

கடிதமுறை, நீங்கள் சொல்வது விண்ணப்பத்துக்கும் இடமாற்றக் கடிதத்துக்கும் சரி, கடையில் தினமும் அடிக்கிறேன். இது பிள்ளை கையில் கொண்டுபோய்க் கொடுக்கிற கார்ட். முகவரி போட்டால் அந்தப் பிள்ளைக்கே அது என்ன என்று விளங்காது.

சோக்கட்டி அம்மா, நீங்கள் சொன்னதும்தான் எனக்குப் பிடிபட்டது. செய்தியில் இல்லாத நாலு விஷயத்தை நானே கட்டி எழுதியிருக்கிறேன். அகரம், அழுகை, மகன், முதலிடம்.

---

பிழைதிருத்தி | 9.10

ஐந்தாவது ஒன்றும் இருக்கிறது. ஒரு பத்திரிகையில் பிழை திருத்துகிறவன் என்பதால் கண்ணில் பட்டது. முதல் வரியில் "என் பிஞ்சு விரல்" என்று பிள்ளை பேசுகிறது. மூன்றாவது வரியில் "எங்கள் மகன்" என்று பெற்றோர் பேசுகிறார்கள். ஒரே கார்ட்டில் இரண்டு பேர் கதைக்கிறார்கள். யார் எழுதுகிறார் என்று தெரியாமல் எழுதப் போனால் இப்படித்தான் நடக்கும், தெரியாத இடத்தில் பேனை தானாக ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

இதற்குத் தமிழிலேயே வழி இருக்கிறது. டீச்சரைப் பார்த்து "நீங்கள்" என்று எழுதினால் வினை "தந்தீர்கள்", "சொன்னீர்கள்" என்று முடியும். அதில் ஆண், பெண் தெரியாது. எழுதுகிறவரும் வெளியே தெரியத் தேவையில்லை. "எனக்குச் சொல்லித் தந்தீர்கள்" என்றால் பிள்ளை, "என் மகளுக்குச் சொல்லித் தந்தீர்கள்" என்றால் பெற்றோர். வெறுமனே "சொல்லித் தந்தீர்கள்" என்று விட்டால் வசனம் நிறைவாகவே நிற்கும், யாருக்கு என்பதைக் கார்ட்டை நீட்டுகிற கை சொல்லிவிடும். பெற்றோர் பக்கத்திலிருந்து எழுதியே ஆக வேண்டும் என்றால் மகன், மகள் வேண்டாம். "பிள்ளை" என்று நம் ஊரில் நல்ல சொல் இருக்கிறதே.

சிக்கல் ஒரே ஒரு இடத்தில்தான், விளிக்கும் சொல்லில். ஆசிரியையே என்றால் பெண் என்று முடிவு கட்டியதாகும். ஆசிரியர் அவர்களுக்கு என்றால் இருவருக்கும் பொருந்தும், ஆனால் ஆறு வயதுப் பிள்ளை அப்படிக் கூப்பிடாது.

நன்றிகள் பற்றி: கொட்டாஞ்சேனைக்காரன் முழுக்கச் சரியும் இல்லை, முழுக்கப் பிழையும் இல்லை. நானும் பக்கத்தில் கண்டால் "நன்றி" என்றுதான் திருத்துவேன். ஆனால் "செய்ந்நன்றி" என்ற சொல்லில் நன்றி என்பது செய்த நன்மையையே குறிக்கிறது. நன்மைகள் பல இருக்கலாம்தானே என்று என்னோடு வாதாடுகிற ஒரு நண்பர் இருக்கிறார். அவருக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.

---

கொட்டாஞ்சேனைக்காரன் | 9.16

செய்தியில் "டீச்சருக்கு" என்றுதானே இருக்கிறது? ஆம்பிளை என்றால் "சேருக்கு" என்று எழுதியிருப்பார்கள். பெண்தான், சந்தேகமே இல்லை. தைரியமாக ஆசிரியை என்று போடுங்கள்.

---

சோக்கட்டி | 9.25

அநேகமாகச் சரி. ஆரம்பப் பிரிவில் பெண்கள்தான் கூட. ஆனால் "சந்தேகமே இல்லை" என்று சொல்ல மாட்டேன். எங்களோடு தரம் 3 எடுத்த ஒரு சேர் இருந்தார். அவருடைய வகுப்புப் பெற்றோரும் வீட்டில் கதைக்கும்போது "பிள்ளையின் டீச்சர்" என்றுதான் சொல்வார்கள், நேரில் கண்டால் "சேர்" என்பார்கள். அந்தச் செய்தியை எழுதினவர் எந்தப் பழக்கத்தில் எழுதினார் என்று இங்கிருந்து சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்த வழி, அவர் பாவித்த சொல்லையே திருப்பிப் போடுவது. அவர் "டீச்சர்" என்றார், கார்ட்டிலும் "அன்புள்ள டீச்சர்". பிழைத்தால் அவர் சொல்லே பிழைத்ததாக இருக்கும், காலையில் ஒரு நிமிடத்தில் மாற்றலாம்.

---

மூவரின் அம்மா | 9.31

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என் மூத்தவன் உயர்தரம் முடித்துவிட்டான். அவனுடைய இரசாயனவியல் சேருக்கு இப்படி ஒரு கடையில் கார்ட் எழுதுவித்தேன். நானும் "ஏ.எல். சேர், நன்றி" என்றுதான் சொன்னேன். கார்ட்டில் "கணக்குக்குப் பயந்திருந்த என்னைத் துணிவாக்கினீர்கள்" என்று வந்தது. மகன் உயிரியல் பிரிவு. அவனுக்குக் கணித பாடமே இல்லை. கொடுக்க மாட்டேன் என்றுவிட்டான், கடைசியில் கொடுக்கவும் இல்லை. சேருக்கு நன்றி சொல்லாமலே பள்ளிக்கூடத்தை விட்டு வந்துவிட்டோம் என்று இன்றைக்கும் மனதில் கிடக்கிறது. உயர்தரத்துக்கு எப்படி எழுதியிருக்க வேண்டும்?

---

சோக்கட்டி | 9.47

மனதை விடாதீர்கள் பிள்ளை, இப்போதும் எழுதலாம். பிந்தி வந்த கார்ட்டை எந்த ஆசிரியரும் திருப்பி அனுப்பினதில்லை.

நீங்கள் கேட்டதில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. ஆரம்பப் பிரிவில் வகுப்பாசிரியர்தான் நாள் முழுக்கப் பிள்ளையோடு இருப்பார். தமிழும் அவர், கணிதமும் அவர், சுற்றாடலும் அவர். சாப்பாட்டுப் பெட்டி திறக்க முடியாவிட்டால் அதற்கும் அவர். ஆங்கிலம், சமயம் என்று ஓரிரு பாடத்துக்குத்தான் வேறு ஆட்கள் வருவார்கள். தரம் 6க்கு மேல் பாடத்துக்கு ஒருவர் வருவார். உயர்தரத்தில் மூன்று பிரதான பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ஆள். அதனால் "ஏ.எல்." என்று மட்டும் சொன்னால் பாடத்தைத் தொடவே கூடாது. அந்த வயதுப் பிள்ளை தானே கையெழுத்துப் போட்டுத் தானே கொடுக்கும், வாழ்த்தும் பிள்ளையின் குரலில்தான் இருக்க வேண்டும், அம்மாவின் குரலில் இல்லை. "நீங்கள் படிப்பித்த பாடத்தை இனிமேல் நானே தனியாகப் படிக்க முடியும் என்று நினைக்கிறேன்" என்று ஒரு மாணவன் என் கணவருக்கு எழுதினான். அவர் உயர்தரத்துக்குப் படிப்பித்தவர். அந்தத் தாளை மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்தார்.

---

தெஹிவளை மழை | 9.55

எனக்கு இந்த வேலையே பிடிக்கவில்லை, கோபிக்க வேண்டாம். நன்றியை அடுத்தவன் எழுதிக் கொடுப்பதா? ஒரு வசனம் சொந்தமாக எழுத நேரமில்லாதவர் ஏன் கார்ட் கொடுக்க வேண்டும்? விபரம் தராவிட்டால் எழுத முடியாது என்று திருப்பி அனுப்புங்கள். அல்லது வெறும் "நன்றி" என்று அடித்துக் கொடுங்கள், அவர் கேட்டது அதுதான்.

---

இரவுப்பணி | 10.12

தெஹிவளை மழை, நான் அப்படி ஒருவன். துறைமுகப் பக்கம் ஷிப்ட் வேலை. மகள் தரம் 2. நான் வீட்டுக்கு வரும்போது அவள் பள்ளிக்கூடத்தில், அவள் வரும்போது எனக்குத் தூக்கம். போன வருடம் நானும் இப்படித்தான் செய்தி அனுப்பினேன், இதைவிடக் குறைவாக. எழுத நேரமில்லாமல் இல்லை. டீச்சர் அவளுக்கு என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. நல்லது செய்கிறார் என்று மட்டும் தெரியும், ஏனென்றால் பிள்ளை காலையில் அழாமல் போகிறாள். கடைக்காரர் "என்ன எழுத வேண்டும் சொல்லுங்கள்" என்று திருப்பிக் கேட்டார். எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. பிறகு கதைக்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

---

சோக்கட்டி | 10.20

தம்பி, "பிள்ளை காலையில் அழாமல் போகிறாள்" என்று இப்போது எழுதினீர்களே, அதை அப்படியே ஒரு தாளில் எழுதி டீச்சரிடம் கொடுத்துவிடுங்கள். வேறு ஒன்றும் வேண்டாம். தரம் 2 டீச்சருக்கு இதற்கு மேல் ஒருவரும் எழுத முடியாது.

---

பிழைதிருத்தி | 10.27

இதிலிருந்து எனக்கு ஒன்று தோன்றுகிறது. "என்ன எழுத வேண்டும்?" என்று கேட்டால் ஆள் வாயடைத்துப் போவார். அது எழுத்து வேலையை அவர் தலையிலேயே திருப்பிப் போடுகிற கேள்வி. "பிள்ளை வீட்டில் வந்து டீச்சரைப் பற்றிக் கடைசியாக என்ன சொன்னது?" என்று கேட்டிருந்தால் இரவுப்பணி ஐயா பதில் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். அச்சுமூலை, போன் திறந்ததும் இந்த ஒரு கேள்வியை மட்டும் அனுப்புங்கள். பதில் வராவிட்டாலும் கார்ட் தயாராக இருக்க வேண்டும், அது வேறு.

தெஹிவளை மழைக்கு: வெறும் "நன்றி" போட்டால் பொய் இல்லை என்பது உண்மை. ஆனால் எதற்கு என்று ஒரு சொல்லாவது இல்லாவிட்டால் அது பஸ் டிக்கட் வாங்கும்போது சொல்கிற நன்றிதான்.

---

இரவுப்பணி | 10.31

அந்தக் கேள்வி கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். டீச்சருடைய குடையில் பூனைப் படம் இருக்கிறது என்று ஒரு கிழமை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

---

அச்சுமூலை | 10.50

எல்லோருக்கும் நன்றி. புதிதாக எழுதினேன்:

"அன்புள்ள டீச்சர், ஒரே விஷயத்தை எத்தனை தடவை கேட்டாலும் கோபிக்காமல் சொல்லித் தந்தீர்கள். கொப்பியில் நீங்கள் போடும் சரியைப் பார்க்க ஒவ்வொரு நாளும் ஆசையாக இருக்கும். நன்றி."

அகரம் இல்லை, மகன் இல்லை, முதலிடம் இல்லை. சரியா?

---

சோக்கட்டி | 11.02

கிட்ட வந்துவிட்டீர்கள். ஆனால் "எத்தனை தடவை கேட்டாலும் கோபிக்காமல்" என்பதை நானே நம்ப மாட்டேன். நாலாவது தடவை கேட்டால் என் குரல் உயரும், அது எனக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும். கூட்டிச் சொன்ன புகழ்ச்சியை வாசிக்கும்போது, நான் சத்தம் போட்ட நாள்தான் நினைவுக்கு வரும். "விளங்காததைத் திரும்பவும் சொல்லித் தந்தீர்கள்" என்று எழுதுங்கள். இதைச் செய்யாத ஆரம்பப் பிரிவு ஆசிரியர் கிடையாது. தரம் 1க்கும் பொருந்தும், 5க்கும் பொருந்தும், ஆங்கில டீச்சருக்கும் பொருந்தும். இவ்வளவு குறைந்த தகவலுக்கு அந்த அளவுதான் தாங்கும்.

கொப்பியில் சரி போடுவது நல்ல வரி, எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் சங்கீத டீச்சர், நடன டீச்சர் என்றால்? அவர்கள் கொப்பி திருத்துவது குறைவு. "பிழை விட்ட இடத்தைக் காட்டி, சரியாகச் செய்யும் வரை பக்கத்தில் நின்றீர்கள்" என்றால் கொப்பிக்கும் சரி, சுருதிக்கும் சரி.

---

கொட்டாஞ்சேனைக்காரன் | 11.08

அப்படி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டே போனால் கார்ட்டில் என்ன மிஞ்சும் அம்மா? கொப்பி வரி இருந்தால்தான் பிள்ளை எழுதினது மாதிரி இருக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூறு வகுப்பாசிரியராகத்தான் இருக்கும். நான் என்றால் கொப்பியை வைப்பேன்.

---

பிழைதிருத்தி | 11.15

எனக்கும் கொப்பி வரியை இழக்க மனமில்லை. ஆனால் அதில் "ஆசையாக இருக்கும்" என்று பிள்ளை பேசத் தொடங்கிவிடுகிறது. பெற்றோர் கையெழுத்துப் போட்டால் இடிக்கும். சோக்கட்டி அம்மாவின் வரியில் யார் பேசுகிறார் என்பது கடைசிவரை வெளியே வரவே இல்லை. நான் அந்தப் பக்கம்.

இன்னொன்று, "நன்றி" எங்கே வர வேண்டும்? ஆட்கள் தொடக்கத்திலேயே "முதற்கண் நன்றி" என்று போட்டுவிட்டுப் பிறகு காரணம் தேடுவார்கள். செய்ததை முதலில் சொல்லிவிட்டு, "அதற்கு நன்றி" என்று பின்னால் வையுங்கள். அப்போது அந்த ஒரு சொல் போதும், கோடியும் வேண்டாம், சிரம் தாழ்த்தவும் வேண்டாம்.

---

அச்சுமூலை | 11.34

சரி, இதுதான் முடிவு:

"அன்புள்ள டீச்சர்,
விளங்காததைத் திரும்பவும் சொல்லித் தந்தீர்கள். பிழை விட்ட இடத்தைக் காட்டி, சரியாகச் செய்யும் வரை பக்கத்தில் நின்றீர்கள்.
அதற்கு நன்றி."

நான்கு வரிதான் வருகிறது. A4ஐ இரண்டாக மடித்தால் உள்பக்கத்தில் பாதிக்கு மேல் வெறுமையாகக் கிடக்கிறது. கீழே புள்ளிக்கோடு போட்டு "எனக்குப் பிடித்த நாள்:" என்று ஒன்று வைக்கலாமா, அல்லது பூப்படம் போட்டு நிரப்பவா?

---

சோக்கட்டி | 11.41

இரண்டும் வேண்டாம். புள்ளிக்கோடு போட்டால் அது விண்ணப்பப் படிவம் மாதிரி ஆகிவிடும், நிரப்பாமல் வந்தால் குறையாகவும் தெரியும். சும்மா வெறுமையாக விடுங்கள். பிள்ளை எழுதினால் எழுதட்டும், கீறினால் கீறட்டும், ஒன்றும் செய்யாவிட்டால் அது வெள்ளைத் தாள்தான், யாருக்கும் குறை தெரியாது. நீங்கள் சொல்ல முடியாத விபரத்தைச் சொல்லக்கூடிய ஆள் அந்தப் பிள்ளை ஒன்றுதான்.

அப்புறம் முக்கியமான ஒன்று. லமினேட் பண்ணி விடாதீர்கள். பளபளக்கிற ஆர்ட் போர்ட்டிலும் அடிக்க வேண்டாம், பென்சில் பிடிக்காது, பேனை மையும் கையில் இழுபடும். பிரிஸ்டல் போர்ட் இருந்தால் அதில் அடியுங்கள். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக, 16இல் போடுங்கள், கொடுக்கிற பிள்ளை தானும் வாசிக்க வேண்டும்.

---

அச்சுமூலை | 11.45

லமினேட் போட்டுத்தான் கொடுக்கவிருந்தேன், இங்கே எல்லோரும் கேட்பது அதுதான். நல்ல வேளை சொன்னீர்கள். வெள்ளை பிரிஸ்டல் போர்ட் இருக்கிறது, வெட்டி அடிக்கிறேன்.

---

தெஹிவளை மழை | ஒக்டோபர் 6, காலை 5.50

இரவு முழுக்க வாசித்தேன். அடுத்தவர் எழுதிக் கொடுப்பது எனக்கு இன்னும் சரியாகப் படவில்லை. ஆனால் இரவுப்பணி ஐயாவிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நேரமில்லாதவர் என்று நான் எழுதியது உங்களுக்குப் பொருந்தாது.

---

அச்சுமூலை | ஒக்டோபர் 6, காலை 8.20

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 6.25க்கு ஒரு வயதான அம்மா வந்தார், கூட வெள்ளை யூனிபோர்மோடு ஒரு பெண் பிள்ளை. செய்தி அனுப்பினது அவர்தான், பிள்ளையின் அம்மம்மா. "எங்கள் மகன்" என்று அடித்திருந்தால் நான் எங்கே முகத்தை வைத்திருப்பேன்.

கார்ட்டை வாசித்துக் காட்டினேன். "தேங்க்ஸ் என்று போட்டிருந்தீர்களே, அதை இப்படி எழுதினேன் அம்மா" என்றேன். அவர் என்னைப் பார்த்து, "அந்தத் தேங்க்ஸ் உங்களுக்குப் போட்டது தம்பி. கார்ட்டில என்ன எழுதுறது எண்டு எனக்குத் தெரியாது, பிரைமரி எண்டு சொன்னா உங்களுக்கு விளங்கும் எண்டு நினைச்சன்" என்றார். ஆக எனக்குத் தந்தது பிரைமரி என்ற ஒரே சொல்தான்.

பிறகு நான் பிள்ளையைக் கேட்டேன், டீச்சர் உங்களுக்கு என்ன செய்தவர் என்று. பிள்ளை கொஞ்ச நேரம் அம்மம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றது. பிறகு வாயைத் திறந்து முன்பல் விழுந்த இடைவெளியைக் காட்டியது. பென்சில் கொடுத்தேன். கவுண்டர் உயரம் என்பதால் போட்டோகொப்பித் தாள் பெட்டியின் மேல் வைத்து எழுதியது. நான்கு ஐந்து நிமிடம் எடுத்தது. எழுதினது இது:

"என்ட பள்ளு விழுந்த நேரம் டிச்சர் பேப்பரில சுத்தி தந்த"

அம்மம்மா உடனே அழிறப்பர் கேட்டார், "பல்" என்று திருத்த வேண்டுமாம். நான் கடையில் அழிறப்பர் இருந்தும் எடுத்துக் கொடுக்கவில்லை. நேரம் போகிறது என்று சொல்லி உறையில் போட்டுக் கொடுத்துவிட்டேன். செய்தது சரியா தெரியவில்லை.

---

பிழைதிருத்தி | 8.34

தொழிலால் நான் அதைத் திருத்த வேண்டியவன். திருத்தியிருக்க மாட்டேன்.

---

மூவரின் அம்மா | 8.40

எனக்கு அதில் உடன்பாடில்லை. பிள்ளை கேட்டிருந்தால் "பல்" என்று சொல்லிக் கொடுத்திருக்கலாம். பிழையோடு கொடுத்ததைப் பிறகு நினைத்து வெட்கப்படுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். என் இரண்டாவது மகள் அப்படி.

---

சோக்கட்டி | 9.05

பிள்ளை கேட்டால் சொல்லிக் கொடுக்கலாம். கேட்காமல் பெரியவர்கள் அழித்து எழுதினால் அந்த இடத்தில் தாள் தேய்ந்து கறுப்பாக நிற்கும், எங்களுக்கு அதுதான் முதலில் கண்ணில் படும்.

முன்பல் விழுவது ஆறு, ஏழு வயதில். அப்படியானால் தரம் 1 அல்லது 2. தரம் 1 என்றால் உங்கள் "அகரம் எழுதப் பழக்கிய" வரி சரியாகவும் இருந்திருக்கலாம் தம்பி. ஆனால் விழுந்த பல்லைக் கடதாசியில் சுற்றிப் பிள்ளையின் பொக்கற்றில் வைத்து விடுவதை நான் எத்தனை பேருக்குச் செய்திருப்பேன், ஒருவரும் எழுதித் தந்ததில்லை. அந்த டீச்சர் இப்போது கார்ட்டைத் திறந்திருப்பார்.

---

இரவுப்பணி | 9.30

நான் இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். நேற்றிரவு இடைவேளையில் ஒரு தாளில் எழுதி, அவள் புறப்பட முன் மனைவியிடம் சேர்க்கச் சொல்லி, எங்கள் வீட்டுப் பக்கம் வந்த ஒரு பெடியனிடம் கொடுத்துவிட்டேன். அழாமல் போகிறாள் என்பதையும் எழுதினேன், பூனைக் குடையையும் எழுதினேன். டீச்சரின் பெயர் தெரியாததால் மேலே "டீச்சருக்கு" என்று மட்டும் போட்டிருக்கிறேன்.